திட்டுங்க மாமா

ஃபேர்லேண்ட்ஸில் ஒரு விளம்பர ஆபீஸில், ஒரு போர்வெல் கம்பெனிக்குப் பதிவு எழுதுவது என் வேலை. ஃபேஸ்புக்கில் விவசாயிகள் பார்க்கிறார்கள் என்று, "தங்கள் நிலத்தில் தரமான ஆழ்துளைக் கிணறு அமைத்துத் தருகிறோம்" என்று மரியாதையாக எழுதுவேன். இன்ஸ்டாகிராமில் எல்லாம் இளவட்டம். அதனால் போர் போடும் ரிக் வண்டிப் படம் ஒன்றுக்கு அங்கே, "தண்ணி வரலைன்னா எங்களைத் திட்டுங்க மாமா!" என்று போட்டேன். ஃபேஸ்புக்குக்கும் சேர்த்துப் பகிரும் பொத்தானை அணைக்காமல் விட்ட முட்டாள் நான்தான்.

பத்தே நிமிடத்தில் ஃபேஸ்புக்கில் ஒருவர் கேட்டிருந்தார்: "எடப்பாடிப் பக்கம் எங்க தோட்டத்துல மூணு போர் போட்டீங்க. மூணுலயும் சொட்டுத் தண்ணி இல்லாம வெறும் புகைதானுங்க வந்துச்சு. இப்பத் திட்டலாமுங்களா?"

பதிவையே அழித்தால் அந்தக் கேள்வியும் போய்விடும். விரலைக் கொண்டுபோன நேரத்தில் கம்பெனி முதலாளி போனில் வந்தார். வேலை போச்சு என்றே நினைத்தேன்.

"அழிச்சுப்போடாதீங்க. அந்த மூணும் நாம போட்டதுதான். பதில் எழுதுங்க."

"எப்படி எழுதட்டுமுங்க? மரியாதையாவா, சிநேகமாவா?"



"தெரியலீங்க," என்றார். "எனக்கும் பயமாத்தான் இருக்குது."