"எழுந்திருப்பா" என்று ஊரே சொன்ன நாள்

என் நாத்தனாருக்குக் கம்பெனியில் பேஜ் மேடம் என்று பெயர். மெத்தை செய்கிற கம்பெனி. நான் கீழே ஓரம் தைக்கும் மெஷினில் இருக்கிறேன். அவள் மாடியில் உட்கார்ந்து கம்பெனியின் பேஸ்புக் பேஜ், இன்ஸ்டாகிராம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறாள். நான் ஐந்தாவதோடு நின்றவள். அவளுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "மெத்தைக்குப் பதிலாப் பேசுறா" என்று சொல்லிவிடுவேன்.

முதலில் அவள் புகார் போனில்தான் இருந்தாள். மெத்தையில் குழி விழுந்துவிட்டது என்று கத்துகிறவர்களிடம், "யார் பக்கம் குழி சார், உங்க பக்கமா, வீட்டம்மா பக்கமா?" என்று கேட்பாள். கத்தினவர் சிரித்துவிடுவார். பதினொரு வருஷம் இப்படி ஓடியது. ஒருநாள் முதலாளி அதைத் தன் காதால் கேட்டார். பேஜை அவள் கையில் கொடுத்தார். நாற்பத்திரண்டு வயதில் அவளுக்கென்று ஒரு மேசையும் கதவு வைத்த அறையும் கிடைத்தன. முன்பு பஞ்சு மூட்டை அடுக்கின அறை. உள்ளே போனால் இன்றைக்கும் தும்மல் வரும். அவளுக்கு அது பெரிய கௌரவம். தும்மிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள்.

போன கோடையில் மூன்று நாள் கரண்ட் இல்லாமல் போனது. எல்லோரும் அதைப் பற்றியே எழுதினார்கள். இவளும், "கரண்ட் இல்லையா? கவலையில்லாமல் தூங்குங்கள்" என்று மெத்தைப் படத்தோடு போட்டாள். கைக்குழந்தையோடு விடிய விடிய விசிறிக்கொண்டிருந்த தாய்மார்கள் அவளைக் கிழிகிழியென்று கிழித்தார்கள். அவள் சாக்குச் சொல்லாமல் மன்னிப்புக் கேட்டாள். முதலாளி மட்டும் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா பேஜை வெளி ஏஜென்சிகிட்டக் கொடுத்துடுவேன். நீங்க பழையபடி போனுக்குப் போயிடலாம்."

அவர் கோபத்தில் சொல்லவில்லை. அதனால்தான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

இந்த வருஷம் ஒரு புதன்கிழமை. ஊரே ஒரே வார்த்தையைப் பிடித்துக்கொண்டு எழுதினால் அதை ட்ரெண்டிங் என்கிறார்கள். அன்றைய வார்த்தை "எழுந்திருப்பா". காலை பத்து மணிக்கே முதலாளி மாடியேறிவிட்டார். தலையணைக் கம்பெனிக்காரன் அதை வைத்து ஒரு ஜோக் போட்டுவிட்டானாம்.

"தலையணைக்காரன் போட்டுட்டான். மெத்தைக்காரன் நான் வேடிக்கை பார்க்கவா? எழுந்திருக்கிறதுக்கும் நமக்கும்தானேம்மா சம்பந்தமே!"

"மத்தியானத்துக்குள்ள ரெடி பண்றேன் சார்."

"சாயங்காலம் வரைக்கும் வெச்சிருந்தா ஊசிப்போயிடும், பார்த்துக்கோங்க."

அவளும் பார்த்தாள். மேலே வந்ததெல்லாம் சிரிப்புத்தான். ஒன்பது மணி வரை தூங்குகிற புருஷன், பரீட்சை அன்றைக்குத் தூங்குகிற பையன், நாற்காலியில் தூங்குகிற ஆபீஸர். இவளும் ஒரு படம் செய்தாள். மெத்தையில் ஒருத்தர் குப்புறக் கிடக்கிறார். மனைவி கையில் கடிகாரம். "எழுந்திருப்பா!" என்கிறாள் அவள். "மெத்தை விடமாட்டேங்குதுப்பா" என்கிறார் அவர்.

எதையும் போடுவதற்கு முன்னால் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் காட்டுவது அவள் வழக்கம். நான் லேசில் சிரிக்கமாட்டேனாம்.

"அண்ணி, சிரிங்க பார்ப்போம். அரைமணியில போடணும்."

நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். வேலி மாதிரி ஒரு குறி, அதற்குப் பிறகு வார்த்தை. எழுந்திரு. ப்பா.

"பாவம், யார் பெத்த பிள்ளை?" என்றேன்.

"பிள்ளையா? இது பொண்டாட்டி அண்ணி. புருஷனை எழுப்புறா."

"பொண்டாட்டி எதுக்கு அப்பான்னு கூப்பிடுறா?"

"அப்பா இல்ல அண்ணி, 'ப்பா'. 'வாப்பா, போப்பா' இல்லையா, அந்தப் ப்பா."

"நம்ம வீட்டுல பசங்க உங்கண்ணனை எப்படி எழுப்புறாங்க? 'எழுந்திருப்பா'ன்னுதானே. நான் அப்படித்தான் படிச்சேன். தப்பா இருந்தா விடு."

அவள் விடவில்லை. வாய்க்குக் கொண்டுபோன சோற்றைத் திரும்பத் தட்டிலேயே வைத்தாள். போனை எடுத்து, எல்லோரும் விரும்பிப் பார்த்ததை விட்டுவிட்டு, அந்த வார்த்தையை முதன்முதலாக யார் எழுதினார்கள் என்று தேடினாள். கீழே, கீழே என்று தள்ளிக்கொண்டே போனாள். முந்தின நாள் மாலை வரைக்கும் போனாள்.

ஒரு பஸ் டிரைவர். ஓட்டும்போதே நெஞ்சுவலி வந்திருக்கிறது. பஸ்ஸை ஓரம் கட்டி, பிரேக்கைப் போட்டுவிட்டுத்தான் மயங்கிச் சாய்ந்திருக்கிறார். உள்ளே இருந்த முப்பது பேருக்கும் ஒரு கீறல் இல்லை. பஸ்ஸில் வந்த ஒரு பெண் ஆஸ்பத்திரிக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு எழுதியிருந்தாள். அவருடைய ஆறு வயது மகள் கட்டில் பக்கத்தில் நின்று அப்பா கையைத் தட்டித் தட்டிச் சொன்னது அந்த ஒரே வார்த்தைதானாம். படித்தவர்கள் அதையே பிரார்த்தனையாக எழுத ஆரம்பித்தார்கள். விடிந்ததும், சங்கதி தெரியாதவர்கள் வார்த்தையை மட்டும் எடுத்து ஜோக்காக்கிவிட்டார்கள்.

நான் கண்ணை மூடி அந்த மனுஷனுக்காக வேண்டிக்கொண்டேன். திறந்து பார்த்தால் நாத்தனார் இல்லை. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

தட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு நானும் போனேன். அவள் படத்தை அழித்துவிட்டு வேறெதையோ தேடிக்கொண்டிருந்தாள். போன வாரமே எழுதி, நேரம் குறித்து வைத்த விளம்பரங்கள் இருக்குமாம். நேரம் வந்தால் தானே வெளியே போய்விடும். நாலு மணிக்கு ஒன்று காத்திருந்தது: "படுத்தால் எழுந்திருக்கவே மாட்டீர்கள்."

"கடவுளே" என்றேன்.

"அவர்தான் அண்ணி உங்களைப் படிக்கவெச்சார்" என்று சொல்லி, அன்றைக்கும் மறுநாளைக்கும் இருந்த அத்தனையையும் நிறுத்தினாள்.

இரண்டு மணிக்கு முதலாளி வந்தார். அவள் எல்லாவற்றையும் காட்டினாள். தலையணைக்காரன் அதற்குள் தன் ஜோக்கை எடுத்துவிட்டிருந்தான். ஆனால் ஜனங்கள் அதைப் படம்பிடித்து வைத்துக்கொண்டு திட்டினார்கள். முதலாளி வெகுநேரம் படித்தார்.

"சரி, ஜோக் வேண்டாம். 'டிரைவர் குணமடைய எங்கள் பிரார்த்தனை'ன்னு போட்டுடலாம். நம்ம சின்னம் கீழே சின்னதா இருக்கட்டும்."

"சின்னம் எவ்வளவு சின்னதா இருந்தாலும் அது விளம்பரம்தான் சார். அந்தக் குழந்தை பேச்சுல நம்ம மெத்தையைப் போடவேண்டாம்."

"அப்ப என்னதான் போடுறது?"

"ஒண்ணும் போடவேண்டாம்."

"ஒண்ணும் போடாததுக்கா உங்களுக்குச் சம்பளம்?"

"இன்னைக்கு அதுக்குத்தான் சார்."

நான் தட்டைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். பேஜ் போய்விட்டது என்றே நினைத்தேன். முதலாளி ஒருமுறை தும்மினார். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பிரார்த்தனைன்னா வீட்டுல பண்ணிக்கலாம்ங்கிறீங்க" என்றார். இறங்கிப் போய்விட்டார்.

சனிக்கிழமை கூட்டத்தில் வாரக் கணக்கைப் படித்தார்களாம். எத்தனை பதிவு, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று. புதன், வியாழன் இரண்டுக்கும் நேராக இவள் சைபர் எழுதியிருந்தாள். முதலாளி அந்தச் சைபர்கள் மேல் விரலை வைத்தார்.

"ஒரு ஏஜென்சிகிட்டப் பேசி வெச்சிருந்தேன்ல? தலையணைக்காரன் பேஜைப் பார்க்கிறதே அவங்கதானாம். உங்ககிட்டயே இருக்கட்டும்மா. ஆனா இனிமே தினமும் ஏதாவது போடுங்க."

டிரைவர் விழுந்த ஒன்பதாம் நாள் நான் மெஷினில் இருக்கும்போது நாத்தனார் மாடியிலிருந்து ஓடிவந்தாள். மெஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. நிறுத்தினேன்.

"எழுந்துட்டார் அண்ணி! உட்கார்ந்து கஞ்சி குடிச்சாராம்!"

பின்னாலேயே முதலாளி வந்தார். அவருக்கும் சந்தோஷம்தான். "இப்ப... இப்ப போடலாமில்ல?" என்றார்.

"வேண்டாம் சார்."

"சரி" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் மெஷினைப் போட்டேன்.