சிவப்பு நூல் கட்டிய வால்வு

ஆஸ்பத்திரிப் பிளம்பருக்குச் 'சொட்டு' என்று பெயர் வைத்ததே நர்சுகள்தான். எங்காவது ஒரு சொட்டு ஒழுகினால் அவருக்குச் சோறு இறங்காது.

அன்று காலை மருந்துக் கிடங்கிலிருந்து கிளம்பிய சாக்கடை வாயு தாழ்வாரம் முழுக்க நாறியது. பக்கத்து வார்டிலிருந்து நோயாளிகளை அவசரமாக வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அடியில பைப் உடைஞ்சிருக்கு. தரையை உடைங்க," என்றார் இன்ஜினியர்.

"கொஞ்சம் பொறுங்க சார்."

சொட்டு மண்டியிட்டுத் தரை வடிகாலுக்குள் டார்ச் அடித்தார். வடிகாலின் அடியில் உள்ள வளைவில் எப்போதும் தண்ணீர் நின்று வாயுவை மறிக்க வேண்டும். யாரும் தண்ணீர் ஊற்றிக் கழுவாத அறை அது. நின்ற தண்ணீர் ஆவியாகி, வளைவு காய்ந்து கிடந்தது.

"அப்படிக் காயக் கூடாதுன்னுதானே பிரைமர் வெச்சிருக்கு?" என்றார் இன்ஜினியர்.

பக்கத்துப் பேசினில் குழாயைத் திறக்கும்போதெல்லாம் ஒரு மெல்லிய குழாய் வழியே வடிகாலுக்குக் கொஞ்சம் தண்ணீர் விடும் கருவி அது. அதன் வால்வு மூடியிருந்தது.

"எந்த முட்டாள் மூடினான்?" என்று கத்தினார் இன்ஜினியர்.

கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. ஒழுகலை நிறுத்திய இடத்தில் சொட்டு மட்டுமே கட்டும் நூல்.

"நான்தான் சார். ஒழுகுதுன்னு நினைச்சுட்டேன்."

ஒரு வாளித் தண்ணீரை வடிகாலில் ஊற்றினார். நூலை அறுத்து வால்வைத் திறந்தார். பேசின் குழாயைத் திறந்ததும் வடிகாலுக்குள் சொட்டுச் சத்தம் கேட்டது. வால்வை நோக்கி நீண்ட தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார்.