வெள்ளைக் களிம்புக்கு அடியில்

காப்பகத்தில் அவளை எல்லோரும் பஞ்சக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். எந்த நேரம் பார்த்தாலும் கையில் ஈரப் பஞ்சு இருக்கும் என்பதால் வந்த பெயர். பதினேழு வருடமாகக் கைக்குழந்தைகள் அறை அவள் பொறுப்பில்தான் இருந்தது. எட்டுக் குழந்தைகள், எட்டு மெத்தைகள், சன்னலோரமாக டயப்பர் மாற்றுகிற உயரமான மேசை. மேசைக்கு மேலே பலகையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பிளாஸ்டிக் கூடை. அதில் அந்தந்த வீட்டிலிருந்து வந்த டயப்பர், மாற்றுத்துணி, களிம்பு.

உருண்டை என்று அவள் பெயர் வைத்த ஏழு மாதக் குழந்தையின் கூடையை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எடுத்தபோதுதான் பஞ்சக்கா அதைப் பார்த்தாள். களிம்பு ட்யூபின் வால் ஒழுங்காக மடிக்கப்பட்டு, மடிப்பு முடிகிற இடத்தில் பென்சிலால் மயிரிழை போல ஒரு கோடு இழுத்திருந்தது.

முதலில் புரியவில்லை. புரிந்ததும் காது சூடாகிவிட்டது. ஒரு நாளைக்கு எவ்வளவு களிம்பு செலவாகிறது என்று அளக்கிறார்கள். அதாவது, போடாமலே போட்டேன் என்று சொல்கிறாளோ என்று சந்தேகம்.

உருண்டையின் அம்மா ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவள். நாள் முழுக்க அடுத்தவர் விட்ட கமாவைத் தேடுகிற வேலை. குழந்தையை ஒப்படைக்கும்போதே பஞ்சக்காவின் நகத்தை, மேசை விரிப்பை, வாளியின் மூடியை எல்லாம் அவள் கண் ஒரு சுற்று சுற்றி வரும். மூன்று வாரமாகக் குழந்தையின் பின்பக்கமும் தொடை மேல்புறமும் தக்காளித் தோல் மாதிரிச் சிவந்து கிடந்ததில் அந்தப் பார்வை இன்னும் கூர்மையாகியிருந்தது.

"அக்கா, எத்தனை தடவை மாத்துறீங்க?" என்று அன்று சாயங்காலம் கேட்டாள்.

"நோட்டுல எழுதியிருக்கேம்மா. ஏழு தடவை."

"நோட்டுல இருக்கு. அதான் கேட்டேன்."

அந்த 'அதான்' பஞ்சக்காவின் நெஞ்சில் முள்ளாக நின்றது. அவளும் சும்மா இருக்கவில்லை. மறுநாளிலிருந்து நோட்டின் ஓரத்தில் தனக்கு மட்டும் புரிகிற மாதிரி புள்ளி வைக்கத் தொடங்கினாள். லேசான சிவப்புக்கு ஒரு புள்ளி, தோல் உரிந்தால் நான்கு. இரண்டு வாரத்தில் பார்த்தால் கதை தானாகவே எழுதப்பட்டிருந்தது. வெள்ளிக்கிழமை இரண்டு புள்ளி. திங்கட்கிழமை நான்கு. மறுபடி வெள்ளி இரண்டு, திங்கள் நான்கு.

"பாருங்க," என்று பொறுப்பாளர் அம்மாவிடம் நோட்டை நீட்டினாள். "இங்க ஆறுது, அங்க போய்ப் புண்ணாகுது. சனி ஞாயிறு பிள்ளைய ஈரத்துலேயே போட்டு வச்சிருக்காங்க. பழி மட்டும் என் தலையில."

பொறுப்பாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை அவங்ககிட்ட இப்படியே சொல்லிடாதீங்க."

"நான் ஏன் சொல்றேன். அவங்க கோடு போடட்டும், நான் புள்ளி வைக்கிறேன்."

சொல்லாமல் விட்ட ஒன்றும் பஞ்சக்காவிடம் இருந்தது. அந்த ட்யூபில் இருந்தது ஜிங்க் ஆக்ஸைடு களிம்பு. சுண்ணாம்பு போல வெள்ளையாக, கெட்டியாக, தேய்த்தால் விரலை விட்டுப் போகாமல் ஒட்டுகிற சரக்கு. அது அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. பூசிவிட்டால் அடியில் தோல் எப்படி இருக்கிறது என்று தெரியாது. எதையும் மூடி மறைக்கிற பொருளை அவள் நம்பமாட்டாள். அவள் நம்பியது பெட்ரோலியம் ஜெல்லி. கண்ணாடி மாதிரி இருக்கும், பூசினாலும் தோல் தெரியும், தண்ணீர் பட்டால் முத்தாக உருண்டு ஓடும். தன் இரண்டு பிள்ளைகளையும் அதை வைத்தே வளர்த்தவள். அதனால் எந்த வீட்டுக் களிம்பாக இருந்தாலும் முதலில் காப்பக டப்பாவிலிருந்து குச்சியால் ஜெல்லி எடுத்து ஒரு பூச்சு, அதற்கு மேல் வீட்டார் கொடுத்த களிம்பு ஒரு பூச்சு. யாரையும் ஏமாற்றுவதாக அவளுக்குத் தோன்றவில்லை. தன் பங்குக்கு ஒரு காவல் போட்டதாகவே நினைத்திருந்தாள்.

களிம்பு கணக்காகத்தான் குறைந்துகொண்டிருந்தது. அது தெரிந்ததும் உருண்டையின் அம்மாவுக்கு அடுத்த சந்தேகம் வந்தது. குறைகிறது சரி, யார் மேல் குறைகிறது? மற்ற பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பூசுகிறார்களோ?

ஒரு புதன்கிழமை பகல் பன்னிரண்டரை மணிக்கு அவள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். மேசையில் உருண்டை படுத்துக் காலை உதைத்துக்கொண்டிருந்தது. பஞ்சக்காவின் கையில் குச்சி, குச்சி நுனியில் பளபளவென்று ஜெல்லி.

"அது என்ன?"

பஞ்சக்கா திரும்பினாள். குச்சியை மறைக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

"ஜெல்லிம்மா. அடியில ஒரு பூச்சு. அதுக்கு மேல உங்களது."

"நான் கேட்டேனா? பெட்ரோல்ல இருந்து எடுக்குற எண்ணெய என் பிள்ளை மேல பூசச் சொல்லி நான் கேட்டேனா?"

"பதினேழு வருஷமா பூசுறேன். ஒரு பிள்ளைக்கும் ஒண்ணும் ஆகல."

"இவளுக்கு ஆயிருக்கே."

"இங்க ஆகலம்மா." பஞ்சக்காவின் குரல் இறங்கியது. கோபம் வந்தால் அவளுக்குக் குரல் ஏறாது, இறங்கும். "வெள்ளிக்கிழமை ஆறின பிள்ளைய அனுப்புறேன். திங்கட்கிழமை வெந்த பிள்ளை வருது. நோட்டு இருக்கு, பாக்குறீங்களா?"

அம்மா நோட்டை வாங்கிப் பார்த்தாள். புள்ளிகளை மேலும் கீழுமாகப் படித்தாள். பிழை தேடுகிற கண்ணுக்கு அதில் பிழை கிடைக்கவில்லை போலும். முகம் இன்னும் இறுகியது.

"இதை நீங்களே எப்ப வேணா எழுதியிருக்கலாம்," என்றாள்.

அதற்குமேல் பேச்சு வேறு எங்காவது போயிருக்கும். பொறுப்பாளர் அம்மா நடுவில் வந்து நின்றார். அடுத்த தெருவில் குழந்தை டாக்டர் இருக்கிறார், இரண்டு பேரும் ஒன்றாகவே போய் வாருங்கள், ஒருத்தர் போய் இன்னொருத்தர் காதில் வந்து சொல்கிற கதை வேண்டாம் என்றார்.

போகிற வழியெல்லாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. குழந்தையை அம்மா தூக்கிக்கொண்டாள். பையைப் பஞ்சக்கா விடாமல் பிடித்துக்கொண்டாள். ட்யூபும் நோட்டும் அதில் இருந்தன. நடுவழியில் எதுவும் மாறிவிடக்கூடாது.

டாக்டர் நடுவயதுப் பெண். இரண்டு பேரும் மாறி மாறிச் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். யார் பக்கமும் தலையசைக்கவில்லை. குழந்தையைப் படுக்க வைத்து, தொடை இடுக்கின் மடிப்புகளை விரல்களால் மெல்லப் பிரித்துப் பார்த்தார்.

"மடிப்புக்குள்ள சிவப்பு இல்ல. சுத்தி சின்னச் சின்னப் பொரியும் இல்ல. அப்படி இருந்தா பூஞ்சைன்னு சந்தேகப்படணும், அதுக்கு வேற மருந்து. இது ஈரமும் உரசலும். சரி, ரெண்டு பேரும் வீட்டுல, காப்பகத்துல எப்படிச் செய்றீங்களோ அப்படியே இங்க செஞ்சு காட்டுங்க. முதல்ல அம்மா."

அம்மா பையிலிருந்து ஈரத்துணிப் பொட்டலத்தை எடுத்தாள். பிரித்ததுமே அறை முழுக்கப் பூ வாசனை. தோலில் ஒட்டியிருந்த வெள்ளைக் களிம்பை அழுத்தித் துடைத்தாள். போகவில்லை. இன்னொன்று எடுத்து மறுபடி தேய்த்தாள். உருண்டை முகம் சுருங்கி வீலென்று கத்தியது.

"எப்பவும் இவ்வளவு அழுத்தியா துடைப்பீங்க?"

"முழுசாப் போகணும்ல டாக்டர். பழசுக்கு மேல புதுசைப் பூசினா அழுக்கு உள்ள தங்கிடாதா? வார நாள்ல ராத்திரி ரெண்டு தடவைதான். லீவு நாள்ல ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் சுத்தம் பண்ணுவோம். அவரும் இப்படித்தான்."

சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவள் குரல் தடுமாறியது. லீவு நாள் என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டாள்.

பஞ்சக்காவுக்கு உள்ளுக்குள் பால் வார்த்தது போல இருந்தது. நான்தான் சொன்னேனே என்று உதடு வரை வந்துவிட்டது. டாக்டர் அவள் பக்கம் திரும்பினார்.

"இப்ப நீங்க."

பஞ்சக்கா வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து, ஒற்றி எடுத்து, துணியால் ஈரத்தை ஒற்றினாள். டாக்டர் தலையசைத்தார். பிறகு அவள் ஜெல்லியைப் பூசி, அதன் மேல் வெள்ளைக் களிம்பை வைத்தாள். களிம்பு தோலில் பிடிக்கவில்லை. விரலோடு வழுக்கிக்கொண்டு வந்தது, மிச்சம் திட்டுத் திட்டாக நின்றது.

"டயப்பரக் கழட்டும்போது இந்த வெள்ளை எங்க இருக்கும்?" என்று டாக்டர் கேட்டார்.

பஞ்சக்கா யோசித்தாள். யோசிக்க வேண்டியதே இல்லை, தினமும் பார்ப்பதுதான்.

"டயப்பர்லதான் ஒட்டியிருக்கும்."

"அப்போ தோல்ல இல்ல. ஜிங்க் காஞ்ச தோலைப் பிடிச்சாத்தான் வேலை செய்யும். அடியில வழுக்கல் இருந்தா எப்படிப் பிடிக்கும்? அங்க அஞ்சு நாள்ல கொஞ்சம் ஆறினது நீங்க தேய்க்காம துடைச்சதாலயும், அடிக்கடி மாத்தினதாலயும். முழுசா ஆறாததுக்குக் காரணம் இது."

பஞ்சக்கா விரலில் மிச்சமிருந்த வெள்ளையைத் துணியில் துடைத்தாள்.

டாக்டர் சொன்னது நீளமில்லை. இரண்டுமே ஈரத்தைத் தடுக்கிற காவல்தான். ஜெல்லி சுத்திகரித்தது, அதில் பயமில்லை. தோல் நன்றாக இருக்கும்போது ஒவ்வொரு மாற்றலிலும் மெல்லிசாக அது போதும். அப்பிவிட்டால் டயப்பர் ஈரம் உறிஞ்சாது. தோல் வெந்திருக்கும்போது ஜிங்க்தான் சரி. கெட்டியாக உட்கார்ந்து மூத்திரமும் மலமும் படாமல் காக்கும், கசிவை இழுக்கும், எரிச்சலைத் தணிக்கும். அதைத் தோல் காய்ந்த பிறகு தாராளமாகப் பூச வேண்டும். மாற்றும்போது மேலே அழுக்கானதை மட்டும் ஒற்றி எடுத்துவிட்டு, ஒட்டியிருப்பதை அப்படியே விட்டு, அதன் மேலேயே பூசலாம். டயப்பரில் ஒட்டுகிறதென்றால் ஜெல்லி மேலே வரலாம், கீழே கூடாது. வாசனைத் துணி வேண்டாம். மூன்று நான்கு நாளில் குறையாவிட்டால் திரும்ப வரவேண்டும்.

வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்த பிறகு அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"நோட்டைப் பத்தி நான் சொன்னது தப்பு."

"கேட்காம பூசினது என் தப்பு," என்றாள் பஞ்சக்கா. அதைச் சொல்வதற்கு அவளுக்குத் தெருவின் பாதி தேவைப்பட்டது.

நான்காவது நாள் சிவப்பு வெளிறியது. அடுத்த வாரத்தில் தோல் பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. ஆறியபின் எதைத் தொடர்வது என்று அம்மா கடையில் அரை மணி நேரம் நின்று ஒவ்வொரு டப்பாவின் பின்புறத்தையும் படித்திருக்கிறாள். கடைசியில் வாசனை சேர்க்காத சாதாரண ஜெல்லியை வாங்கி வந்து கூடையில் வைத்தாள். "தினமும் இது. சிவந்தா மட்டும் ட்யூப்," என்றாள். பஞ்சக்கா சரி என்றாள். இருவரும் அதற்குப் பிறகும் பெரிய சிநேகிதமாகிவிடவில்லை. அம்மா இன்னும் மேசை விரிப்பை ஒரு கண் பார்க்கிறாள். பஞ்சக்கா இன்னும் திங்கட்கிழமை காலையில் டயப்பரைச் சற்று முன்னதாகவே கழற்றிப் பார்க்கிறாள்.

ஆனால் அவளை இப்போது அரிப்பது வேறு. கை கழுவும்போது குழாயடியில் சில சமயம் அப்படியே நின்றுவிடுகிறாள். பதினேழு வருடத்தில் எத்தனை வெள்ளை ட்யூப்களுக்கு அடியில் தான் ஜெல்லி பூசியிருப்போம் என்று எண்ண முடியவில்லை. இரட்டைப் பிள்ளைகளின் அம்மா ஒருத்தி இருந்தாள். இரண்டுக்கும் ஆறாத புண். வீட்டில் கவனிக்கத் தெரியாதவள் என்று பஞ்சக்கா அவள் காதுபடவே சொன்னாள். அந்த அம்மா ஒரு வார்த்தை திருப்பிப் பேசாமல் அந்த மாதக் கடைசியில் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அவள் முகம் எப்படியிருந்தது என்று பஞ்சக்கா நினைத்துப் பார்க்கிறாள். இரட்டைப் பிள்ளைகளில் ஒருத்தியின் காதில் ஒரு சின்னத் தோடு இருந்தது மட்டும் ஞாபகம் வருகிறது.