கழித்தல் குறி சேர்த்த வரி

அந்த மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், சலவை அறைக்கு அடுத்த அறையில் பதினோரு வருஷமாக வேலை பார்த்தவளை வார்டுகளில் எல்லோரும் ‘கம்ப்யூட்டரம்மா’ என்றுதான் கூப்பிடுவார்கள். கோபக்காரி இல்லை, ஆனால் தன் புரோகிராமில் தப்பு என்று யாராவது சொன்னால் முகம் சுண்டிப்போகும். அப்படிச் சொல்லும்படி அவள் அதிகம் வைத்ததுமில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, சாஃப்ட்வேர் வேலை இன்டர்வியூவுக்குப் படித்துக்கொண்டிருந்த தங்கை நோட்டும் கையுமாகச் சமையலறைக்கு வந்தாள்.

“அக்கா, கணக்கைப் பார்த்ததுமே இது ஸ்லைடிங் விண்டோவா, டூ பாயின்டரான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது.”

“வரிசைப்படுத்தின பட்டியல்ல ரெண்டு எண் கூட்டினா இவ்வளவு வரணும்னு கேட்டா, ரெண்டு முனையிலயும் ஒவ்வொரு விரல் வை. கூட்டுத்தொகை குறைஞ்சா இடது விரலை உள்ளே தள்ளு, கூடினா வலது விரலை. அது டூ பாயின்டர். அடுத்தடுத்த எண்கள்ல தொடர்ச்சியா ஒரு துண்டு கேட்டா ஸ்லைடிங் விண்டோ, ஜன்னல் மாதிரி நகர்த்து. வலது பக்கம் சேர்த்துக்கிட்டே போ. வேண்டிய தொகை வந்ததும் இடது பக்கத்துலேர்ந்து கழட்டிவிடு.”

“எப்பவும் சரியா வருமா?”

“வரும். சேர்த்தா கூடணும், கழட்டினா குறையணும். அவ்வளவுதான். அதனால எண்ணெல்லாம் மைனஸ் இல்லாம...”

வெங்காயம் அரிந்த கை நின்றுவிட்டது.

“என்னக்கா?”

இருதய வார்டுக்கு இரண்டு வருஷத்துக்கு முன் அவள் எழுதிய புரோகிராம் கண்முன் வந்து நின்றது. நோயாளியின் உடம்பில் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எவ்வளவு நீர் சேர்ந்தது என்று நர்ஸுகள் பதிவார்கள். அடுத்தடுத்த சில வேளைகளின் கூட்டுத்தொகை எங்காவது இரண்டு லிட்டரை எட்டினால் திரையில் சிவப்பு எச்சரிக்கை வரும். முதலில் நீர் கூடிய வேளைகளை மட்டும் பதிந்தார்கள், குறைந்த வேளைக்குப் பூஜ்யம். ஜன்னல் கச்சிதமாக வேலை செய்தது. மூன்று மாதத்துக்கு முன், குறைந்ததையும் கழிக்கச் சொன்னார்கள். ஒரே ஒரு வரி. கழித்தல் குறியைச் சேர்த்துவிட்டு டீ குடிக்கப் போனாள்.

நோட்டைப் பிடுங்கி ஒரு தாளில் மில்லிலிட்டர் கணக்கில் எழுதினாள்: 500, மைனஸ் 1200, 1400, 800. ஜன்னல் கூட்டிக்கொண்டே போகிறது. 500, மைனஸ் 700, 700, 1500. இரண்டாயிரத்தை எட்டவேயில்லை, எட்டாததால் இடது பக்கம் எதையும் கழட்டவுமில்லை. ஆனால் கடைசி இரண்டு வேளைகளைச் சேர்த்தால் 2200. எச்சரிக்கை வந்திருக்க வேண்டும். வந்திருக்காது.

“ஐயோ,” என்றாள். மூன்று மாதம்.

போனை எடுத்தாள். தலைமை நர்ஸ் எடுத்தார்.

“சிஸ்டர், நான் கம்ப்யூட்டர் ரூம். அந்தச் சிவப்பு எச்சரிக்கையை நம்பாதீங்க. எல்லாருக்கும் கையால கூட்டிப் பாருங்க. இப்பவே.”

“என்ன சொல்றீங்க? இன்னிக்கு எதுவுமே வரலையே?”

“அதான் பயமா இருக்கு.”

ஆட்டோவில் போகும்போது பெயர் தெரியாத முகங்களெல்லாம் நினைவில் வந்து மிரட்டின. எத்தனை பேர்? அவர்களில் யாராவது... அதற்குமேல் நினைக்கத் துணியவில்லை.

வார்டில் தலைமை நர்ஸ் இரண்டு சார்ட்டுகளை மேஜையில் பரப்பியிருந்தார்.

“ஏழாம் பெட்டுக்கு மூச்சு வாங்குச்சு, நேத்தே கண்ணால பார்த்து மருந்து கொடுத்தாச்சு. பதினொண்ணு ரெண்டு லிட்டரைத் தாண்டியிருக்கு. யாரும் கவனிக்கல.”

பதினொன்றாம் கட்டிலில் ஒரு பெரியவர், காலிரண்டும் வீங்கிப் படுத்திருந்தார். டாக்டர் ஊசி போட்டுவிட்டு, “நேரத்தோட பார்த்தது நல்லதாச்சு,” என்றார். அது அவளைத் தேற்றவில்லை.

கீழ்த்தளத்துக்கு ஓடி, புரோகிராமிலிருந்து ஜன்னல் முறையைத் தூக்கியெறிந்தாள். ஒரு நோயாளிக்கு மிஞ்சிப்போனால் தொண்ணூறு வேளைகள். ஒவ்வொரு வேளையிலிருந்தும் தொடங்கி எல்லாத் துண்டையும் கூட்டிப் பார்க்கும் இரட்டைச் சுற்று போதும். கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். அழகாக இருக்கிறதே என்பதற்காகத்தான் ஜன்னலைப் போட்டோமா என்ற நினைப்பு குத்தியது. மூன்று மாதப் பதிவுகளையும் புது வழியில் ஓட்டினாள். பட்டியல் ஒவ்வொரு வரியாக நீண்டபோது நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். வார்டில் இருக்கும் அந்த இருவரைத் தவிர, எச்சரிக்கை தவறியவர்கள் பதினாறு பேர். பட்டியலோடு வார்டுக்கு ஏறினாள். எல்லோரும் வீடு திரும்பியவர்கள்தானா என்று தலைமை நர்ஸ் ஒவ்வொரு கோப்பாக எடுத்துப் படிக்க, அவள் நின்றபடியே கேட்டாள். பதினாறாவது கோப்பும் “வீடு திரும்பினார்” என்று முடிந்தபோது உட்கார்ந்துவிட்டாள்.

நடந்ததை மறைக்காமல் எழுதிக் கண்காணிப்பாளரிடம் கொடுத்தாள். அவர் கத்தவில்லை. “இதை நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது,” என்றார்.

“தங்கச்சி கேக்கலைன்னா எனக்கும் தெரியாமப் போயிருக்கும் சார்,” என்றாள்.

வேலை போகவில்லை. ஆனால் அன்று முதல் யாராவது “ஒரே ஒரு வரிதான்” என்றால், அவள் முதலில் ஒரு தாளை எடுத்து மைனஸ் எண்களைப் போட்டுக் கையால் கூட்டிப் பார்ப்பாள்.