குடிக்காத மனிதரின் ஈரல்

கொட்டாஞ்சேனையில் ஒஸ்வால்டின் முகம் தெரியாதவர்கள் இருக்கலாம். ஆனால் அவர் குடிக்கமாட்டார் என்ற செய்தி தெரியாதவர் எவரும் இல்லை. ஐம்பத்து நாலு வயது, கப்பல் ஏஜென்சி ஒன்றில் வார்ஃப் கிளார்க் வேலை. அப்பாவும் துறைமுகத்தில்தான் வேலை செய்தார், குடித்தார், வயிறு வீங்கிச் செத்தார். பதினாறு வயதில் அந்தச் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, ஒரு சொட்டும் தொடமாட்டேன் என்று ஒஸ்வால்ட் சத்தியம் பண்ணினார். பிறிஜெற் அவரைக் கட்டியதற்கும் அதுதான் காரணம். அவளுடைய அப்பாவும் போத்தலோடு வாழ்ந்தவர். வந்த மாப்பிள்ளைகளிடம் அவள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று.

குடிக்காத ஆணின் பாடு கலியாண வீட்டில்தான் தெரியும். மண்டபத்துக்குப் பின்னால் மற்ற ஆண்கள் சாராயத்தைச் சுற்றி நிற்பார்கள். கையில் கிளாஸ் இல்லாமல் போய் நின்றால் விடமாட்டார்கள், பிடித்து ஊற்றப் பார்ப்பார்கள். ஆகவே ஒஸ்வால்ட் ஜிஞ்சர் பியர் கிளாஸோடு போய் நிற்பார். பெயரில்தான் பியர், உள்ளே இருப்பது இஞ்சி போட்ட இனிப்புச் சோடா. காலியானால் யாராவது நிரப்பிவிடுவார்கள். ஒரு கலியாணத்துக்கு ஐந்தாறு போத்தல் போகும். வீட்டிலும் அப்படித்தான். வேலை முடிந்து வந்தவருக்குப் பிறிஜெற் பெரிய கிளாஸில் ஜிஞ்சர் பியர் ஊற்றி, ஐஸ் போட்டுக் கொடுப்பாள். பக்கத்து வீட்டுக்காரன் ரொனி தள்ளாடிக்கொண்டு வரும் நேரத்தில் தன் புருஷன் இனிப்புத் தண்ணீர் குடித்துக்கொண்டு இருப்பதைப் பார்க்க அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை.

இந்த வருஷம் ஒபிஸில் எல்லாருக்கும் மெடிக்கல் எடுத்தார்கள். ஒஸ்வால்டின் றிப்போட்டில் ஃபெரிட்டின் என்ற இடத்தில் 742 என்று இருந்தது. நானூற்றுக்குள் இருக்கவேண்டியதாம். பக்கத்து மேசை முர்ஷித் றிப்போட்டை வாங்கிப் பார்த்து, தொழில் தெரிந்தவன் மாதிரித் தலையை ஆட்டினான்.

"ஒஸ்வால்ட் அண்ணே, இது ஒடம்புல இரும்பு கூடினது. கனடாவில என்ட மச்சான் ஒருத்தருக்கும் இதேதான். பரம்பரை வருத்தம். மாசா மாசம் ரத்தத்த எடுத்து விடுறாங்க."

பயப்படவேண்டிய மனிதர் பயப்பட்டார்தான். ஆனால் மறைத்து என்ன பயன், கொஞ்சம் மிதப்பாகவும் இருந்தது. இரும்பு கூடுவதில் என்ன வெட்கம்? கோயில் வாசலில் நாலு பேரிடம் சொன்னார். வீட்டில் ஈரல் கறி நின்றது, முருங்கையிலை நின்றது, இரும்புத் தாச்சிச் சட்டி பரணுக்குப் போனது. ஜிஞ்சர் பியர் மட்டும் நிற்கவில்லை. அதில் இரும்பு ஏது?

ஜெம்பட்டா வீதிப் பக்கம் கிளினிக் வைத்திருக்கும் டொக்டர் உஷாந்தியிடம் போய், "ரத்தம் எடுத்துவிடுங்க மிஸ்" என்று தானே மருந்தும் சொன்னார்.

டொக்டர் சிரிக்கவில்லை. "ஃபெரிட்டின் கூடினா இரும்பு கூடினதுதான் எண்டில்ல. காலமையில வெறும் வயித்தோட ஒரு ரத்தம் குடுங்க. ஈரலையும் ஸ்கேன் பண்ணிப் பாப்பம்" என்றார். பிறகு பேனையை நிறுத்திக் கேட்டார்: "குடிக்கிறனீங்களா?"

"சீவியத்தில தொட்டதில்ல."

"இடைக்கிடையாவது? குடிச்சாலும் இது கூடும். அதுதான் கேக்கிறன்."

"இல்ல மிஸ்." குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. டொக்டர் எழுதிக்கொண்டார்.

ஸ்கேன் றிப்போட்டை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வரும்போதே பிறிஜெற் அதைப் பிரித்தாள். ஈரலில் கொழுப்பு, இரண்டாம் கட்டம் என்று போட்டிருந்தது. அவள் வாசித்தாள், மடித்தாள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் கேட்டு வளர்ந்த ஈரல் கதைகள் எல்லாமே போத்தலில் தொடங்கியவை. ஒஸ்வால்டுக்கு அந்த மௌனம் விளங்க இரண்டு நாள் எடுத்தது. இரண்டாம் நாள் அவர் வேலையால் வந்து செருப்பைக் கழற்றும்போது அவள் சும்மா கிட்ட வந்து நின்றாள். அவருடைய வாய்ப் பக்கமாக மூச்சை இழுத்துவிட்டு, குசினிக்குள் போனாள்.

மனுஷன் உடைந்து போனார். முப்பத்தெட்டு வருஷச் சத்தியம், இருபத்தாறு வருஷக் குடும்பம், கடைசியில் வாயை மணந்து பார்க்கிறாள்! சண்டை பிடிக்கவும் முடியவில்லை. எதை வைத்துப் பிடிப்பது? கையில் இருக்கும் காகிதமே அவளுடைய பக்கம் நிற்கிறது. அன்றிரவு அவர் செய்த ஜெபம் விசித்திரமானது. இது இரும்பாகவே இருக்கவேண்டும், பரம்பரை வருத்தமாகவே இருக்கவேண்டும் என்று மன்றாடினார்.

மற்ற றிப்போட்டுகளும் வந்தபிறகு இருவரும் டொக்டருக்கு முன்னால் இருந்தார்கள்.

"இரும்பு இல்ல, மிஸ்டர் ஒஸ்வால்ட்" என்றார் டொக்டர். அவருடைய முகம் விழுந்ததைப் பார்த்து டொக்டருக்கே ஆச்சரியம். "நல்ல செய்திதானே? நீங்க துறைமுகத்தில வேலை. ஃபெரிட்டின் எண்டா இரும்ப வைக்கிற கூடம். ட்ரான்ஸ்ஃபெரின் ரத்தத்தில இரும்பு ஏத்திற லொறி. இரும்பு மெய்யாவே கூடியிருந்தா லொறியளில பாதிக்குக் கிட்ட நிறைஞ்சு ஓடும். நாப்பத்தஞ்சு வீதத்துக்கு மேல எண்டாத்தான் நாங்க சந்தேகப்படுவம். உங்கட லொறியள் இருபத்தேழு வீதம்தான். அது சரியான அளவு."

"அப்ப ஏன் அந்த எழுநூறு?"

"ஈரலுக்குள்ள கொழுப்புச் சேந்து அது புண்படத் தொடங்கினா, இரும்பு கூடாமலே ஃபெரிட்டின் ஏறும். உடம்பில வேற அழற்சி இருந்தாலும் ஏறும். உங்களுக்கு ஈரல் எண்சைமும் கூட, ரத்தத்தில சீனியும் நீரிழிவு வருத்தத்துக்குக் கொஞ்சம் கீழதான் நிக்குது, வயிறும் தெரியுது. ரத்தம் எடுக்கத் தேவையில்ல. ஈரல் இன்னும் இறுகேல்ல, அதால பயப்படாதீங்க. ஏழெட்டுக் கிலோ இறக்கினா ஈரல் பழைய நிலைக்குத் திரும்பும்."

ஒஸ்வால்ட் மேசையைப் பார்த்தபடி சொன்னார்: "குடிகாரனுக்கு வாறதுதானே மிஸ் இது."

"ஆர் சொன்னது? குடிக்காத ஆக்களுக்குத்தான் இப்ப கனக்க வருது. சரி, சாராயம் இல்ல. வேற என்ன குடிக்கிறனீங்க?"

அவர் வாய் திறக்கமுன் பிறிஜெற் பதில் சொன்னாள். "ஜிஞ்சர் பியர்."

"எவ்வளவு?"

"பின்னேரம் ஒரு போத்தல். ஞாயிறெண்டா ரெண்டு. கலியாணம் எண்டா..." அவள் நிறுத்திவிட்டாள். இருபத்தாறு வருஷப் பின்னேரங்களையும் அவள் மனதுக்குள் அடுக்கிப் பார்த்திருக்கவேண்டும். முகம் வெளிறிப் போயிற்று.

"அதில இருக்கிற சீனியத்தான் ஈரல் கொழுப்பா மாத்துது" என்றார் டொக்டர். "அது மட்டும் காரணமில்ல, சோறும் இருக்கு, நடை இல்லாததும் இருக்கு. ஆனா முதல் நிப்பாட்ட வேண்டியது அதைத்தான். மூண்டு மாசத்தில திரும்பப் பாப்பம்."

வெளியே வந்து இருவரும் நடந்தார்கள். முச்சக்கரவண்டிக்காரன் ஒருவன் கூப்பிட்டான், ஒஸ்வால்ட் வேண்டாம் என்று கையைக் காட்டினார். மீன் கடையைத் தாண்டினார்கள்.

"நான்தானே ஊத்தித் தந்தனான்" என்றாள் பிறிஜெற்.

"நான்தானே குடிச்சனான்."

இன்னும் கொஞ்சத் தூரம் போனபின் அவள் நின்றாள். சனம் இடித்துக்கொண்டு போனது.

"இஞ்சருங்கோ, ஒண்டு சொல்லோணும். நீங்க வேலைக்குப் போன நேரம் உங்கட அலுமாரியெல்லாம் தேடிப் பாத்தனான். கட்டிலுக்குக் கீழயும். போத்தல் இருக்குமெண்டு."

"தெரியும். சட்டையெல்லாம் வேற மாதிரி மடிச்சிருந்துது."

"தெரிஞ்சும் ஏன் கேக்கேல்ல?"

ஒஸ்வால்ட் றோட்டைக் கடப்பதற்காக அவளுடைய முழங்கையைப் பிடித்தார். பஸ் ஒன்று போனபிறகு சொன்னார்:

"உன்ட அப்பா ஒளிச்சு வைச்ச இடமெல்லாம் சின்ன வயசில நீ தேடினதெண்டு சொல்லியிருக்கிறாய். என்ட வீட்டிலயும் நீ தேடவேண்டி வந்திட்டுதே எண்டு எனக்கு வெக்கமாப் போச்சுது."

பிறிஜெற் நடுறோட்டிலேயே அழத் தொடங்கிவிட்டாள்.