ஐந்தாம் பக்கத்தில் எட்டு வரி

அந்தப் பிரெஞ்சு நாளிதழில் அவளுக்குக் 'கத்திரி' என்று பெயர். அவள் எதிரிலேயே கூப்பிடுவார்கள். அவளும் பதில் சொல்வாள். செய்தித் திருத்தப் பிரிவில் முப்பத்தோரு வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தவளுக்கு வேறு பெயர் எதற்கு? நிருபர்கள் அரைப் பக்கத்துக்கு அளந்து கொண்டுவருவதை ஆறு வரியில் அடக்கித் தருவாள். விஷயம் ஒன்றும் கீழே சிந்தாது. அப்படித்தான் எல்லோரும் நம்பினார்கள், அவள் உட்பட.

வித்தை பெரிய வித்தை இல்லை. வேலைக்குச் சேர்ந்த வாரத்திலேயே பிடித்துக்கொண்டாள். 'நகராட்சி பள்ளியை மூடிவிட்டது, அதனால் பெற்றோர் கவலைப்படுகிறார்கள்' என்று நிருபர் எழுதியிருப்பார். அதில் இரண்டு வினை, இரண்டு வாக்கியம், நடுவில் ஒரு 'அதனால்'. அவள் 'மூடினார்கள்' என்பதை 'மூடல்' ஆக்குவாள். பிரெஞ்சில் 'ஃபெர்மே' போய் 'ஃபெர்மத்யூர்' வந்து உட்காரும். பிறகு அந்தப் பெயர்ச்சொல்லையே இன்னொரு வினைக்கு எழுவாயாக்கிவிடலாம்: 'பள்ளி மூடல் பெற்றோரைக் கவலைப்படுத்துகிறது.' ஒரு வாக்கியம் மிச்சம். தலைப்புக்கு வேண்டுமென்றால் அந்த வினையும் வேண்டாம்: 'பள்ளி மூடல்: பெற்றோர் கவலை.' அந்த மொழிப் பத்திரிகைகளில் இது ஊரறிந்த வழக்கம். வாசிக்கிறவர்களுக்கும் பழகிப்போன ஒன்று. யாருக்கும் உறுத்தாது.

மூடியது யார், எப்போது, இன்னும் மூடவில்லையா என்பதெல்லாம் அந்தப் பெயர்ச்சொல்லுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதில்லை. வரி குறைந்ததா என்பதுதான் கேள்வி.

அவளுக்கு ஒரே தம்பி. நகரின் மறுகோடியில் ஒரு தொடக்கப் பள்ளியின் உணவுக்கூடத்தில் சமையல்காரன். பன்னிரண்டு வருடமாக அங்கே இருக்கிறான். மதிய வேளையில் பரிமாறும் ஜன்னலுக்குப் பின்னால் வெள்ளைத் தொப்பியோடு அவன்தான் நிற்பான். எந்தப் பிள்ளை எதை ஒதுக்கும் என்பது வரைக்கும் மனப்பாடம்.

அவள் ஓய்வுபெற நான்கு நாள் இருந்தபோது, திங்கள் மாலை, அந்தச் செய்தி வந்தது. கொண்டுவந்தவர் 'நெடுங்கதை' என்று பெயரெடுத்த நிருபர். காலையில் மழை பெய்தது என்பதற்கு ஒரு பத்தி எழுதுவார். ஆனால் விசாரிப்பதில் புலி.

"அக்கா, ஸ்கூல் கேன்டீன் மேட்டர். முப்பத்திரண்டு பிள்ளைங்களுக்கு வயித்து வலி. எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு, பயமில்ல. ஆனா கதை பெருசு."

"உங்க கதை எதுதான் சின்னது?" என்றபடி அவள் தாள்களை வாங்கினாள்.

பள்ளியின் பெயரைப் பார்த்ததும் கை நின்றது. தம்பியின் பள்ளி.

நெடுங்கதை ஒன்றுவிடாமல் எழுதியிருந்தார். வெள்ளி மாலை நகராட்சியின் பராமரிப்பு ஆள் ஒருவர் விளக்கைச் சரிசெய்ய வந்து, குளிர் அறையின் மின்சாரத்தைத் துண்டித்தார். திரும்பப் போட மறந்துவிட்டார். ஞாயிறு மதியம் ஞாபகம் வந்து, ஓடிவந்து போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார். திங்கள் காலை சமையல்காரர் வழக்கம்போல வெப்பமானியைப் பார்த்து ஏட்டில் குறித்தார். அது சரியான அளவைத்தான் காட்டியது. இரண்டு நாள் சூட்டில் கிடந்த உணவு என்று அவருக்குத் தெரியவே வழியில்லை.

முப்பத்தெட்டு வரி. கொடுத்திருந்த இடம் ஐந்து.

உறவுக்காரர் சம்பந்தப்பட்ட செய்தி என்றால் ஆசிரியரிடம் சொல்லிவிட்டு வேறு ஆளிடம் தள்ளிவிட வேண்டும். அது அலுவலக விதி. அவளுக்குத் தெரியாததா? ஆனால் வேறு ஆளிடம் கொடுத்தால் 'சமையல்காரர்' என்ற சொல்லை வைத்துவிடுவானே என்று நினைத்தாள். நானே பார்த்தால் தம்பியை வெளியே எடுத்துவிடலாம். அவனை மட்டும் எடுத்தால் பார்க்கிறவர்களுக்குப் பாரபட்சமாகத் தெரியும். எல்லோரையும் எடுத்துவிட்டால் யாருக்கும் நோவில்லை. நாற்பது நிமிடம் உட்கார்ந்து, தன் வாழ்நாளின் கச்சிதமான வேலை ஒன்றைச் செய்தாள்.

'குளிர் அறையில் மின் துண்டிப்பு, அறிவிப்பின்றி மறு இணைப்பு, உணவு கெடுதல்: பள்ளியில் முப்பத்திரண்டு மாணவர்களுக்கு உடல்நலக் குறைவு.'

துண்டித்தவர் இல்லை. இணைத்தவர் இல்லை. அறிவிக்காதவரும் இல்லை. எல்லாம் தானே நடந்த மாதிரி இருந்தது. மனசு லேசானது. அன்று வீட்டுக்குப் போகும் வழியில் தனக்கென்று ஒரு கேக் கூட வாங்கிக்கொண்டாள், சொல்லவே வெட்கமான சங்கதி.

மறுநாள், செவ்வாய் மாலை, தம்பி அவள் வீட்டுக்கு வந்தான். வேலை நேரத்தில் போடும் சட்டை இல்லை. மடித்த பத்திரிகையை மேசையில் போட்டான்.

"லீவுல போகச் சொல்லிட்டாங்க அக்கா. வியாழக்கிழமை பெற்றோர் கமிட்டி கூடுது. அதுல முடிவு பண்ணுவாங்களாம்."

"உன்னை எதுக்கு? இதுல உன் பேரே இல்லையே!"

"இல்லதான். கேட்டுல நின்னவங்க எல்லார் கையிலயும் இது இருந்துச்சு. ஒரு அம்மா விரல வச்சுப் படிச்சுக் காட்டுது. 'அறிவிப்பின்றி'ன்னு போட்டிருக்கே, நீதானேப்பா அறிவிக்கல? மெயின் சுவிட்ச நீதானே ஆஃப் பண்ணிட்டு வீட்டுக்குப் போனன்னு கேக்குது. நான் என்னத்தச் சொல்ல?"

"உனக்கு நல்லதுன்னு நினைச்சுத்தான்டா உன்னை எடுத்தேன்" என்றாள். சொல்லும்போதே குரல் உள்ளே போனது.

தம்பி பத்திரிகையை அவள் பக்கம் திருப்பினான். "நீயா இதை எழுதின?"

அவள் தலையசைத்தாள்.

"என்னை மட்டும் எடுத்திருந்தா பரவால்ல அக்கா. நீ எல்லாரையும் எடுத்துட்ட. கரண்ட நிறுத்தினவனையும் எடுத்துட்ட. அப்புறம் அந்தச் சமையல்கட்டுல ஜனங்களுக்குத் தெரிஞ்ச மூஞ்சி யாரு? நான் ஒருத்தன்தானே?"

அவளுக்குச் சுரீர் என்றது. முப்பத்தோரு வருடத்தில் யாரும் சொல்லாத திருத்தம். ஆளை எடுத்துவிட்டால் அந்த இடம் சும்மா கிடக்காது, வாசிக்கிறவன் கண்ணுக்கு எட்டிய ஆளைக் கொண்டுவந்து உட்காரவைத்துக்கொள்வான். இத்தனை வருடத்தில் எத்தனை பேரை இப்படி எடுத்திருப்போம் என்று எண்ணத் தொடங்கி, பயந்துபோய் நிறுத்தினாள்.

மறுநாள் புதன். கமிட்டி கூடுவதற்கு முன் வரும் கடைசி இதழ் வியாழன் காலையில் வருவது. அதன் பக்கங்கள் மாலை ஆறுக்கு மூடிவிடும். அவள் நேராக ஆசிரியர் அறைக்குப் போய் உள்ளதை உள்ளபடி சொன்னாள்: தம்பி என்பதை, அதை மறைத்ததை, எல்லோரையும் எடுத்ததை. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"முதல் நாளே சொல்லியிருக்கணும். உங்ககிட்டயிருந்து நான் இதை எதிர்பார்க்கல."

"தப்புதான் சார்."

"இப்ப தம்பிக்காக மறுப்புப் போடச் சொல்றீங்க."

"தம்பிக்காகத்தான். ஆனா நெடுங்கதை எழுதினதுல இருந்ததுதானே? அவரையே எழுதச் சொல்லுங்க. நான் தொடமாட்டேன்."

நெடுங்கதையைக் கூப்பிட்டார்கள். அவர் குறிப்பேட்டோடு வந்து, பராமரிப்பு ஆள் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டதைத் தேதி, நேரத்தோடு வாசித்தார். நகராட்சி அலுவலகமும் தொலைபேசியில் மறுக்கவில்லை. ஆசிரியர் பெருமூச்சுவிட்டார். "சரி, போடலாம். ஐந்தாம் பக்கம் கீழே மூணு வரி. அதுக்கு மேல இடம் கிடையாது. விளம்பரத்தை நகர்த்த முடியாது."

நெடுங்கதை தன் வாழ்க்கையிலேயே சிக்கனமாக எழுதிய நாள் அதுதான். அப்படியும் எட்டு வரி வந்தது. 'வெள்ளி மாலை நகராட்சி ஊழியர் ஒருவர் குளிர் அறையின் மின்சாரத்தைத் துண்டித்தார். ஞாயிறு மதியம் அவரே அதைத் திரும்ப இணைத்தார், யாரிடமும் சொல்லவில்லை. திங்கள் காலை சமையல்காரர் வழக்கம்போல வெப்பநிலையைச் சோதித்தார். கருவி சரியான அளவைக் காட்டியது.'

"அக்கா, நீங்கதான் காப்பாத்தணும். மூணு வரியாக்கிக் கொடுங்க. உங்களுக்கு அது ஜுஜுபி."

உண்மைதான், ஜுஜுபிதான். வாக்கியத்தைப் பார்த்த உடனேயே மூன்று வரி வடிவம் மனதில் தானாக வந்து நின்றது. 'துண்டித்தார்' போய்த் துண்டிப்பு, 'சோதித்தார்' போய்ச் சோதனை. சோதித்தவன் மறுபடியும் காணாமல் போவான்.

"நான் தொடமாட்டேன்னு சொல்லியிருக்கேன்" என்றாள். "ஒரு வார்த்தை குறைக்காதீங்க. இடம் நான் பார்க்கிறேன்."

திரையில் ஐந்தாம் பக்கத்தை விரித்தாள். மேலே நீதிமன்றச் செய்தி, பக்கத்தில் தண்ணீர்க் குழாய்ப் பணி, வலது ஓரத்தில் விளம்பரம். எல்லாம் ஏற்கெனவே எலும்பு தெரிய வெட்டப்பட்டவை, அவள் கைவரிசைதான். கீழே மூலையில் ஐந்து வரிச் சின்னச் செய்தி ஒன்று இருந்தது. பத்திரிகையின் பழைய ஊழியர் ஒருவரின் 'ஓய்வு', 'முப்பத்தோரு ஆண்டுத் திருத்தப் பணிக்குப் பாராட்டு', 'வெள்ளிக்கிழமை பிரிவுபசாரம்'. ஆசிரியர் ஆசையாகப் போடச் சொன்னது. தன் கையாலேயே சுருக்கியிருந்தாள், அதிலும் ஒரு வினை இல்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவளைப் பற்றி அந்தப் பத்திரிகையில் ஒரு வரி வந்ததில்லை. தம்பியிடம் நாலு தரம் சொல்லி வைத்திருந்தாள், வியாழக்கிழமை பேப்பர் பத்திரமா எடுத்து வை என்று.

ஐந்தும் மூன்றும் எட்டு. அவள் அதைத் தேர்ந்து நீக்கினாள். கொஞ்சம் வலித்தது, இல்லை என்று சொல்ல முடியாது. பிறகு ஆசிரியரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் பக்கத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை போடலாமா?"

"வெள்ளிக்கிழமைப் பக்கம் எல்லாம் தேர்தல் சார். நீங்கதானே சொன்னீங்க."

அவர் கையெழுத்துப் போட்டார்.

வியாழன் மாலை நான்கு மணிக்கு அவள் மேசைத் தொலைபேசி அடித்தது. பின்னால் பாத்திரச் சத்தமும் யாரோ சிரிக்கும் சத்தமும் கேட்டன.

"அக்கா! நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க. விரல வச்சுப் படிச்சுச்சே ஒரு அம்மா, அதே அம்மா கமிட்டில எந்திரிச்சு இன்னைக்கு வந்ததை முழுசாப் படிச்சுது. அப்புறம் அந்த அம்மாவே வந்து மன்னிச்சுக்கப்பான்னு சொல்லிட்டுப் போச்சு."

அவள் தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டாள். பேனாவை மூடித் திறந்தாள்.

"இன்னொன்னு அக்கா. உன்னைப் பத்தி இன்னைக்கு வரும்னு சொன்னியே. முதல் பக்கத்துல இருந்து கடைசி வரைக்கும் ரெண்டு தரம் தேடிட்டேன். காணோமே?"

"அஞ்சாம் பக்கம் பார்த்தியா? கீழே, மூலைல?"

"பார்த்தேனே. அங்க என்னோடதுதானே இருக்கு."

"ம்," என்றாள். "அதேதான். அதையே எடுத்து வை."