வள்ளியப்பனின் 'வந்து'

சைகோனில் மொழிபெயர்த்துப் பிழைக்கும் காரைக்கால்காரி அமீர் நிஷாவுக்கு, பேச்சில் வரும் 'வந்து', 'பாருங்க' எல்லாம் வேப்பங்காய். அவற்றைச் சலித்து எறிந்துவிட்டு, மிச்சத்தைத்தான் வியட்நாமியத்தில் சொல்வாள்.

சைகோனை அடுத்த 'பின் யுவோங்' வட்டாரத்துப் பொத்தான் ஆலையில், சரக்கு வாங்க வந்த காரைக்குடி வள்ளியப்பனுக்கு அது பொறுக்கவில்லை. "நான் அஞ்சு நிமிஷம் பேசுறேன், நீங்க அஞ்சு வார்த்தையில முடிச்சுப்புடுறீக. இனி ஒண்ணு விடாமச் சொல்லணும்!"

"அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது," என்றாள்.

ஆலை மேலாளர், இருபது நாளில் சரக்கு தருவதாகச் சொன்னார்.

"அது வந்து... பாருங்க... வந்து... சரிதான்," என்றார் வள்ளியப்பன். அவருக்கு அது மூச்சு விடுவது மாதிரி. அமீர் நிஷாவோ ஒவ்வொன்றையும், வியட்நாமியர் தயங்கும்போது இழுக்கும் "அ... தி..." ஆக்கினாள். 'சரி' வந்து சேர்வதற்குள் மேலாளர் பதறிப்போய், "பதினைந்து நாள்!" என்றார்.

வள்ளியப்பன் திகைத்தார். "வந்து... அது வந்து..."

அதையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

"பத்து!" என்றார் மேலாளர்.

பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, முன்னும் பின்னும் எதுவும் ஒட்டாமல், "சரி" என்றார் வள்ளியப்பன்.

அமீர் நிஷா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மேலாளரிடம் திரும்பி நீளமாக ஒரு "அ... தி..." இழுத்தாள்.

"எட்டு!"

அந்தக் கடைசி இழுப்பு மட்டும் அவளுடைய சொந்தச் சரக்கு.